வெளியே நிற்கும் x யாருடைய வகைக்கெழு?

சேலம் அஸ்தம்பட்டியில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பிரதியிடல் முறை பற்றி என்னிடம் வந்த கேள்விகளில் சில.

ஏற்காடு, பிளஸ் ஒன் மாணவி: சார், ∫ x/(1+x⁴) dx கணக்கில் u = 1+x⁴ என்று வைத்தேன். du-வில் 4x³ வருது, கணக்கில் அது இல்லையே?

கீழே இருப்பதை அப்படியே u என்று எடுத்துக்கொண்டாய், கண்ணு. அங்கே ஆரம்பிக்காதே, மேலே தனியாக நிற்கும் x-ஐப் பார். எதை வகையிட்டால் x வரும்? x²-ஐ. கூடவே வரும் 2 வெறும் மாறிலி, சரிக்கட்டிவிடலாம். அப்புறம், மீதி இருப்பதை x²-ஐ மட்டும் வைத்து எழுத முடிகிறதா என்று பார். x⁴ என்பது (x²)², அதனால் முடியும்.

u = x² என்றால் x dx = du/2. கணக்கு இப்படி மாறும்:

```
½ ∫ du/(1+u²) = ½ tan⁻¹(x²) + C
```

மேலே x³ இருந்திருந்தால் நீ வைத்த u-தான் சரி. x² இருந்திருந்தால் இந்த இரண்டுமே உதவாது, அதற்கு வழி வேறு. கீழே இருப்பது மாறவே இல்லை, மேலே நிற்பதுதான் u-வைத் தீர்மானிக்கிறது.

அம்மாபேட்டை, பொறியியல் முதலாண்டு: மாறிலியைச் சரிக்கட்டலாம்னா ∫ √(x²+1) dx-லயும் 1/(2x)-ஐ வெளியே எடுத்துடலாம்ல? எனக்கு (x²+1)^(3/2)/(3x) வந்தது.

மாறிலியைச் சரிக்கட்டலாம் என்பது வரை சரி, தம்பி. ஆனால் 1/(2x) மாறிலி இல்லை, x மாறினால் அதுவும் மாறும். அதைத் தொகையிடலுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. உங்கள் விடையை வகையிட்டு x = 1 போட்டுப் பாருங்கள். √2 வர வேண்டிய இடத்தில் √2/3 வரும். இங்கே வெளியே x இல்லாததால் u = x²+1 பயன்படாது. x = tan θ என்று வைத்துப் போக வேண்டும்.

ஆத்தூர், தனித்தேர்வர்: ∫ dx/(x+√x). இதில் வெளியே எதுவுமே நிற்கவில்லையே?

நிற்கிறது, மறைந்து நிற்கிறது. கீழே √x-ஐப் பொதுவாக வெளியே எடுங்கள்: √x(√x+1). இப்போது 1/√x தெரிகிறதா? √x+1-ஐ வகையிட்டால் வருவது அதில் பாதி. u = √x+1 என்று வைத்தால் விடை 2 ln(√x+1) + C. இப்படி மறைந்திருப்பதை எப்போதும் கண்டுபிடித்துவிடலாம் என்று விதி ஒன்றும் என்னிடம் இல்லை. காரணிப்படுத்திப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

ஒரு மாணவனின் அம்மா: பையன் ∫ sin x cos x dx-க்கு −cos²x/2 என்று எழுதினான். புத்தகத்தில் sin²x/2 இருக்குன்னு மார்க் குறைச்சுட்டாங்க. சப்ஸ்டிட்யூஷன் தப்பா?

தப்பில்லைங்க. இதில் sin x, cos x இரண்டில் எதை u என்று வைத்தாலும் மற்றது அதன் வகைக்கெழுவாகப் பக்கத்திலேயே இருக்கிறது, குறி மட்டும்தான் மாறும். இரண்டு விடைக்கும் வித்தியாசம் ½, அது C-க்குள் போய்விடும். பையன் + C எழுதியிருந்தானா? எழுதியிருந்தால் இரண்டையும் வகையிட்டுக் காட்டி மறுபடி கேட்கச் சொல்லுங்கள். எழுதாமல் விட்டிருந்தால் மார்க் குறைந்தது அதற்காகவும் இருக்கலாம், விடைத்தாளைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது.