ஹாலு, பாலு, கிவி, செவி: கன்னடம், மலையாளம் பற்றிய கேள்வி பதில்

அடுத்த மாதம் மைசூருக்கு மாற்றல். கன்னடம் காதில் விழுந்தால் கொஞ்சமாவது புரிய என்ன வழி?

ஒரே ஒரு விதியோடு தொடங்குங்கள். சொல்லின் தொடக்கத்தில் ஹ கேட்டால் ப போட்டுப் பாருங்கள். கடைசியில் ஒட்டியிருக்கும் உ-வை மறந்துவிடுங்கள். ஹாலு பால், ஹல்லு பல், ஹுலி புலி, ஹத்து பத்து, ஹண பணம். பழைய கன்னடத்தில் இவையெல்லாம் ப-வில்தான் தொடங்கின. அப்புறம்தான் ஹ ஆயின.

யாராவது ‘ஹளெ ஹெசரு’ என்கிறார் என்று வையுங்கள். ஹ-வை ப ஆக்கினால் ‘பளெ பெசரு’. கன்னடத்தில் ழ போய்விட்டது, பெரும்பாலும் ள-தான் அந்த இடத்தில் நிற்கிறது. நம் ஐ அங்கே எ. ஆக, பளெ என்பது பழை. பெசரு என்பது பெயர், நடுவில் ய-வுக்குப் பதில் ச. பழைய பெயர், அவ்வளவுதான்.

விதி சொல்லின் தலைக்கு மட்டும். உப்பு அங்கேயும் உப்புதான். வடமொழிச் சொற்கள் பலவற்றையும் இது தொடாது, புஸ்தக புஸ்தகமாகவே இருக்கும்.

இன்னொன்று, சொல்லின் தொடக்கத்தில் வரும் நம் வ அங்கே ‘பம்பரம்’ என்பதன் இரண்டாவது ப போல ஒலிக்கும். வா என்பது பா, வாழை என்பது பாளெ. அதனால் ‘பேரு’ என்று கேட்டு உங்கள் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். அது வேர்.

ஹேளு என்றால் கேளுதானே? அப்படி நினைத்து ஒரு வாரம் ஆபீசில் சும்மா தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

ஹேளு என்றால் சொல்லு. கேளு என்றால் கேளு. அவர்கள் உங்களிடம் பதில் எதிர்பார்த்திருக்கிறார்கள்.

மலையாளத்துக்கும் இதே விதிதானே சார்?

இல்லை. மலையாளம் ப-வைத் தொடவில்லை. அங்கே மூக்கொலியைக் கவனியுங்கள். தேங்காய் தேங்ங, ஒன்று ஒந்நு, வந்து வந்நு. ஐ அங்கே அ ஆகும்: தலை தல, மழை மழ. வந்தேன், வந்தான், வந்தாள் எல்லாமே ‘வந்நு’தான். யார் வந்தது என்பதை வாக்கியத்தின் முன்பகுதியில் தேடுங்கள்.

எனக்கு ஊர் ஆண்டிப்பட்டி. சொன்னாலே கொச்சி நண்பர்கள் சிரிக்கிறார்கள். கிண்டலா?

மலையாளத்தில் பட்டி என்றால் நாய். இதைவிட ஆபத்தானவை சாதுவாக இருக்கும் சொற்கள். வெள்ளம் வெறும் தண்ணீர். அவசரம் என்றால் வாய்ப்பு. சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றென்று நம்பாதீர்கள். இதை இன்னும் பத்து முறை சொல்வேன்.

கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது. நீங்களே பழைய கன்னடத்தில் ‘ப’ இருந்தது என்று ஒப்புக்கொண்டீர்கள்!

இன்றைக்கு இது மூன்றாவது முறை. சரி, உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீங்கள் பாதி சரி. ப விஷயத்தில் பழையதைக் காத்தது தமிழ், மாறியது கன்னடம். ஆனால் காதைப் பாருங்கள். நமக்குச் செவி, அவர்களுக்குக் கிவி. நமக்குச் சேரி, அவர்களுக்குக் கேரி. துளுவிலும் கெபி. இ, எ முன்னால் வரும் க மெலிந்து ச ஆவது பல மொழிகளில் நடப்பது, எதிர்த்திசையில் போவது அரிது. இங்கே மாறியது நாம். கன்னடம் தமிழின் மகளாக இருந்தால் நாம் மாற்றிவிட்ட க அவளுக்கு எங்கிருந்து கிடைத்தது? இரண்டும் ஒரு தாயின் பிள்ளைகள். 1856-இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் வைத்த குடும்பப் படமும் அதுதான்.

அப்படியானால் கிளி ஏன் சிளி ஆகவில்லை? கேள் ஏன் சேள் ஆகவில்லை?

நல்ல கேள்வி! அடுத்து வரும் மெய்யைப் பாருங்கள். ட, ண, ள, ழ போல நாக்கு வளையும் ஒலி பின்னால் வந்தால் க தப்பித்துவிடும். கெடு, கீழ் எல்லாம் அப்படித் தப்பியவை.

மலையாளிகளுக்கும் செவிதான். அப்போது மலையாளமாவது தமிழின் மகள்தானே? (நான் பாலக்காடு, வீட்டில் தினம் இதே சண்டை.)

க ச ஆன பிறகு இரண்டும் பிரிந்தன, அதுவரை சந்தேகமில்லை. பிரிந்தது எப்போது, அதற்கு முன் இருந்த மொழியைத் தமிழ் என்பதா வேறு பெயரிடுவதா என்பதில் அறிஞர்களே ஒத்துப்போகவில்லை. வீட்டுச் சண்டை தொடரட்டும்.

குறுக்கு வழி ஏதாவது?

முதல் பதில்.

தர்மபுரிப் பக்கம் மாரண்டஅள்ளி மாதிரி நிறைய ஊர்ப்பெயர் ‘அள்ளி’யில் முடிகிறதே, அள்ளுவது என்றா பொருள்?

இல்லை. கன்னட ஹள்ளி, கிராமம். தமிழில் எழுதும்போது ஹ உதிர்ந்துவிட்டது. ஹ-வுக்கு ப போட்டால் பள்ளி, திருச்சிராப்பள்ளியில் இருப்பதுதான். அதே பள்ளி கேரளத்தில் மசூதி அல்லது தேவாலயம்.

கன்னடம் தமிழின் மகள் இல்லை என்பதற்கு ஆதாரம் உண்டா?

கிவி. மேலே போய்ப் படியுங்கள்.