மழைக்கால விளம்பரம்: ரசனையும் பயனும் ஒரே வரியில் (கேள்வி பதில்)

குடையும் மழைக்கோட்டும் விற்கிறேன். மழையின் அழகை எழுதினால் ரசிக்கிறார்கள், வாங்குவதில்லை. தரத்தை எழுதினால் படிப்பதே இல்லை. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

மழையைப் பொதுவாக வருணிக்காமல், வாங்குபவர் நனையப்போகும் ஒரு குறிப்பிட்ட கணத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கணத்தில் பொருளின் எந்தப் பகுதி வேலை செய்கிறதோ, அதுவே நீங்கள் சொல்ல வேண்டிய பயன். இருசக்கர வண்டி ஓட்டுபவரை எடுத்துக்கொள்வோம். அவர் நனைவது பெரும்பாலும் தோளில் அன்று. உட்கார்ந்திருக்கும்போது மடியில் நீர் தேங்கி, முன்பக்க ஜிப்பின் வழியாகவும் தையல் துளைகளின் வழியாகவும் உள்ளே இறங்குகிறது. ஆகவே இப்படி எழுதலாம்:

“சிக்னலில் நிற்கிறீர்கள், மழை வலுக்கிறது, மண்வாசனை எழுகிறது. மடியில் தேங்கும் நீரை ஜிப்பின் மேல் உள்ள இரட்டை மடிப்பு தடுத்துவிடும். அலுவலகத்துக்கு உலர்ந்த சட்டையோடு போய்ச் சேருங்கள்.”

முதல் வரியில் ரசனையும் இரண்டாவதில் காரணமும் மூன்றாவதில் விளைவும் இருக்கின்றன. மூன்றும் ஒரே பயணத்தைச் சேர்ந்தவை என்பதால்தான் படிப்பவரின் மனம் விலகுவதில்லை.

படமே ரசனையைச் சொல்லிவிடும். கீழே ‘நூறு சதவீதம் வாட்டர்ப்ரூஃப்’ என்று பெரிதாகப் போட்டால் போதாதா?

படம் பற்றித் தாங்கள் சொல்வது சரி; நல்ல படம் இருந்தால் வருணனையை ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அந்த நூறு சதவீதத்தை நான் ஏற்கமாட்டேன். துணி நீர் புகாததாக இருந்தாலும், ஊசி போட்ட ஒவ்வொரு துளையும் ஒரு வழிதான். கோட்டை உட்புறம் திருப்பிப் பாருங்கள்: தையலின் மேல் பட்டையாக டேப் ஒட்டியிருந்தால் ‘தையலும் அடைக்கப்பட்டது’ என்று எழுதலாம், வெறும் நூல் தெரிந்தால் ‘தூறலுக்கும் குறுகிய பயணத்துக்கும்’ என்று எழுதுங்கள்.

விளம்பரத்துக்கு முன் ஒரு சோதனையும் செய்துவிடுங்கள். பழைய காற்சட்டையின் மேல் கோட்டையும் அதன் கீழுடையையும் அணிந்து நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் ஒரு குவளை நீர் ஊற்றிப் பத்து நிமிடம் அசையாமல் இருங்கள். ஈரம் எங்கே தோன்றுகிறதோ அங்கேதான் வாடிக்கையாளரின் புகாரும் தோன்றும். உள்ளே காற்றோட்டம் இல்லாத கோட்டில் வியர்வையே ஈரமாகத் தேங்குவதும் உண்டு. நீர் கசிந்ததாகச் சொல்லி வருபவர்களில் சிலர் உண்மையில் இதைத்தான் சொல்கிறார்கள்.

நான் குடை மட்டுமே விற்கிறேன். சென்ற பருவத்தில் ‘புயலுக்கும் அசையாது’ என்று போட்டேன். கம்பி வளைந்து பல குடைகள் திரும்பி வந்தன.

எந்தக் குடையும் புயலுக்கு நிற்காது. அந்த வாக்கியத்தை முதலில் எடுத்துவிடுங்கள். மெல்லிய எஃகுக் கம்பி ஒருமுறை வளைந்தால் வளைந்தபடியே நின்றுவிடும். ஃபைபர் கம்பியோ பெரும்பாலும் வளைந்து பழைய நிலைக்கே திரும்பும். தங்கள் குடை இரண்டாம் வகை என்றால், “காற்று குடையைப் புரட்டிவிட்டதா? பதறாமல் மடக்கி மீண்டும் விரியுங்கள்” என்று எழுதலாம், கடை வாசலில் அதைப் புரட்டியும் காட்டலாம். முதல் வகை என்றால் காற்றைப் பற்றிப் பேசாமல், பைக்குள் அடங்கும் அளவையோ குறைந்த எடையையோ பேசுங்கள்.

நான் தினமும் வண்டியில் போகிறேன். எந்தக் கோட்டு வாங்கலாம்?

இங்கே பேசுவது விற்பவரின் எழுத்தைப் பற்றி. இருந்தாலும் மேலே சொன்ன மூன்றையும், அதாவது ஜிப்பின் மேல் மடிப்பு, தையலில் டேப், தனிக் கீழுடை ஆகியவற்றைக் கடையில் கையால் தொட்டுப் பார்த்து வாங்குங்கள்.

விளம்பரத்தை எப்போது தொடங்குவது? தள்ளுபடி தரலாமா?

புழுக்கம் மிகுந்து வானம் கறுக்கும் நாட்களில் எதிர்பார்ப்பைத் தொட்டு எழுதுங்கள். முதல் கனமழை அன்று வருணனை வேண்டியதில்லை. ‘கையிருப்பு உண்டு, இத்தனை மணி வரை கடை திறந்திருக்கும்’ என்ற செய்தியே போதும், ஏனெனில் அன்று தேடி வருபவருக்கு ரசிக்க நேரமில்லை. பருவத்தின் நடுவில் பழைய குடை உடைந்தவரை நோக்கிப் பேசலாம். தள்ளுபடியில் எனக்கே உறுதியான முடிவு இல்லை. முன்கூட்டியே வாங்குபவருக்குத் தருவது நியாயம் என்று தோன்றுகிறது. கொட்டும் மழையில் தருவதால் கூடுதலாக ஒருவராவது வாங்குவாரா என்பது ஐயமே.

வாங்கியவருக்கு ஏதாவது எழுதி அனுப்பலாமா?

கட்டாயம் அனுப்புங்கள். “நனைந்த கோட்டை மடித்து வைக்காதீர்கள், நிழலில் விரித்து உலர்த்துங்கள்” என்ற ஒரு வரி போதும். ஈரத்தோடு மடித்து வைத்தால் உட்பூச்சு நாளடைவில் பிசுபிசுத்து உரியத் தொடங்கும். அதைப் பார்க்கும் வாடிக்கையாளர் மட்டமான சரக்கு என்றுதான் முடிவுகட்டுவார்.