2-ம் ரேங்க் இருவருக்கு என்றால் 3-ம் ரேங்க் எங்கே போகிறது?

கேள்வி: நான் பத்தாம் வகுப்பு ஆசிரியை. எக்ஸெலில் ரேங்க் போட்டால் 1, 2, 2, 4 என்று வருகிறது. "மூணாவது ரேங்க் யாருக்கு?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். பட்டியலில் பிழையா?

பதில்: பிழை இல்லை. ஒரு மாணவரைவிடக் கூடுதல் மதிப்பெண் வாங்கியவர்களை எண்ணி, அதோடு ஒன்றைக் கூட்டினால் வருவதுதான் அவருடைய ரேங்க். 478, 471, 471, 465, 402 என்று ஐந்து பேர் இருக்கட்டும். 471 வாங்கிய இருவருக்கும் மேலே ஒரே ஒருவர்தான், ஆகவே இருவருக்கும் 2. 465 வாங்கியவருக்கு மேலே மூன்று பேர் இருப்பதால் அவருக்கு 4. அவருக்கு 3 கொடுத்தால், மேலே இரண்டு பேர்தான் என்று பொருளாகிவிடும், அது உண்மையல்ல. பெற்றோரிடம் "உங்கள் பிள்ளைக்கு மேலே மூன்று பேர்" என்றே சொல்லுங்கள், உடனே புரியும்.

ரேங்க் விடுபடுவதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரே ரேங்கில் இருவர் என்றால் அடுத்த ஓர் எண் விடுபடும், மூவர் என்றால் இரண்டு எண்கள். இதற்குப் பொருந்தாமல் ஓர் எண் காணாமல் போனால்தான் கவலைப்பட வேண்டும். பெரும்பாலும் காரணம், தேர்ச்சி பெறாத மாணவர்கள். பல பள்ளிகளில் ஒரு பாடத்தில் 35-க்குக் கீழே போனாலும் ரேங்க் கிடையாது. ஆனால் RANK.EQ மொத்த மதிப்பெண்ணை மட்டுமே பார்க்கும். மேலே சொன்ன வகுப்பில் ஒருவர் மொத்தம் 410 எடுத்து, கணக்கில் மட்டும் 33 வாங்கியிருக்கிறார் என்று வையுங்கள். அவருக்கு ரேங்க் இல்லை என்று கோடு போட்டுவிடுவீர்கள். ஆனால் எக்ஸெல் அவரையும் எண்ணியிருக்கும். அதனால் 402 வாங்கிய பிள்ளைக்கு 5 வர வேண்டிய இடத்தில் 6 வந்துவிடும். 4-ல் ஒருவர்தான் இருக்கிறார், இருந்தும் 5 இல்லை: இதுதான் அடையாளம். எந்தத் தவறும் செய்யாத பிள்ளை ஒரு ரேங்க் இழப்பது நியாயமே இல்லை, கட்டாயம் திருத்துங்கள்.

மொத்தம் H பத்தியிலும், தேர்ச்சி P அல்லது F என I பத்தியிலும் இருந்து, வகுப்பில் 40 பேர் என்றால், இந்தச் சூத்திரத்தை முதல் மாணவரின் வரிசையில் இட்டுக் கீழே இழுங்கள்:

```
=IF(I2="P",COUNTIFS($H$2:$H$41,">"&H2,$I$2:$I$41,"P")+1,"-")
```

$ குறியை விடாதீர்கள். விட்டால் இழுக்க இழுக்க எல்லையும் சேர்ந்து கீழே நகர்ந்து, மேலே இருப்பவர்கள் கணக்கில் வராமல் போவார்கள். கடைசி மாணவருக்குக்கூட 1 வந்திருந்தால் இதுதான் காரணம்.

471 வாங்கிய இருவரையும் பிறந்த தேதியைப் பார்த்துப் பிரிக்கலாமா என்றால், வகுப்புப் பட்டியலுக்கு அது வேண்டாம். பொறியியல் கலந்தாய்வில் முதலில் கணக்கு மதிப்பெண், பிறகு இயற்பியல் என்று பார்த்துப் பிரிப்பது, ஒரே இடத்தை இருவருக்குத் தர முடியாது என்பதால்தான். ரேங்க் கார்டில் அந்த நெருக்கடி இல்லை. இருவருக்கும் 2 என்றே எழுதுங்கள்.