நடந்தும் எடை குறையவில்லையே?

கேள்வி: எனக்கு வயது 46, எடை 74 கிலோ. சர்க்கரை வரும் எல்லையில் இருப்பதாக டாக்டர் சொன்னார். நான்கு மாதமாக வாரத்தில் ஆறு நாள், முக்கால் மணி நேரம் வேகமாக நடக்கிறேன். ஒரு கிலோகூட முழுசாகக் குறையவில்லை. நடந்து முடித்ததும் வாரத்தில் மூன்று, நான்கு நாள் பார்க் வாசலில் ஒரு டம்ளர் சத்துமாவுக் கஞ்சி குடிப்பதோடு சரி. ஜிம்மில் கேட்டால், கொழுப்பைக் கரைக்கும் பவுடரோடு மூன்று மாத பேக்கேஜ் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா? என் கணவர் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார், அவரும் கூடவே நடக்கிறார். - வாசகி, ஈரோடு

பதில்: பேக்கேஜ் வேண்டாம். நடையையும் நிறுத்த வேண்டாம். உங்கள் நடையில் குறை ஒன்றும் இல்லை. அதால் முடியாத வேலையை அதன் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். 74 கிலோ எடையுள்ளவர் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் முக்கால் மணி நேரம் நடந்தால், சும்மா உட்கார்ந்திருந்தால் செலவாவதைவிடக் கூடுதலாகச் செலவாவது சுமார் 140 கலோரிதான். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 840 கலோரி. ஒரு கிலோவுக்கே ஒன்பது வாரம் ஆகிவிடும். வேறு எதுவும் மாறாமல் இருந்தால் நான்கு மாதத்தில் ஒன்றே முக்கால் கிலோ குறைந்திருக்கலாம்.

ஆனால் நீங்கள் கஞ்சி குடித்திருக்கிறீர்கள். 30 கிராம் சத்துமாவும் 10 கிராம் வெல்லமும் சேர்ந்தால் 150 கலோரி. அன்றைய நடை முழுவதும் அந்த டம்ளருக்குள் போய்விட்டது. சத்தான பானம்தான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் உடம்பு சத்தான கலோரி, சத்தில்லாத கலோரி என்று பிரித்துக் கணக்கு வைப்பதில்லை. பார்க் வாசலில் விற்கும் தேன் கலந்த ஜூஸுக்கும் இதே கதைதான்.

உடம்பும் தன் பங்குக்கு இழுத்துப் பிடிக்கும். காலையில் நடந்த களைப்பில் மதியம் கொஞ்சம் கூடுதலாகப் படுப்போம், மாடிப்படி ஏறுவதைத் தவிர்ப்போம், பசியும் கூடும். தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்ஸா மக்களின் ஆற்றல் செலவை அளந்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், அவர்கள் நாளொன்றுக்குச் செலவிடும் மொத்தக் கலோரி நகரவாசிகள் செலவிடுவதை ஒட்டியே இருக்கிறது என்றது. நாள் முழுக்க ஓடியாடுகிறவர்களுக்கே அப்படி என்றால், முக்கால் மணி நேர நடையிடம் பத்து கிலோ கேட்பது நியாயமில்லை.

மருத்துவமனைகளில் இதை யாராவது சொல்கிறார்களா? சீட்டின் அடியில் 'வாக்கிங்' என்று ஒரு வார்த்தை எழுதி, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். எவ்வளவு நடந்தால் எவ்வளவு குறையும் என்று விளக்க யாருக்கும் நேரமில்லை. அந்த இடைவெளியில்தான் பவுடர் வியாபாரி நுழைகிறார்.

அந்த பவுடர் விஷயத்துக்கு வருவோம். டப்பாவில் இருக்கும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணைக் காட்டி "அரசாங்க அங்கீகாரம்" என்பார்கள். அது உணவுப் பொருள் தயாரிக்கவோ விற்கவோ கொடுத்த உரிமம், கொழுப்பு கரையும் என்பதற்கான சான்றிதழ் அல்ல. இதயத்துக்கு ஆபத்து என்று இந்தியாவில் 2011-இல் தடை செய்யப்பட்ட சிபுட்ரமின் என்ற மருந்தை, மூலிகை என்று விற்ற இளைக்கும் மாத்திரைகளில் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். இடுப்பில் கட்டும் வியர்வை பெல்ட் குறைப்பது வெறும் தண்ணீரை. இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தால் திரும்பிவிடும். ஜிம்மில் ஏறி நிற்கச் சொல்லும் கொழுப்பு அளக்கும் மெஷினும் உடம்பிலுள்ள தண்ணீரை வைத்தே கணிக்கிறது. சேரும் நாளில் கொழுப்பு கூடுதல், அடுத்த பணம் கட்டும் நாளில் குறைவு என்று காட்டுவது பெரிய வித்தையில்லை. கைக்கடிகாரம் காட்டும் கலோரியையும் நம்பிச் சாப்பிடாதீர்கள். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, கலோரி கணக்கில் இருப்பதிலேயே நல்ல கருவிகூட 27 சதவீதம் பிசகியது.

எடை குறைய வேண்டுமென்றால் சமையலறையில்தான் கை வைக்க வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் போனால், ஆளுக்கு நாளொன்றுக்கு 30 கிராம், அதாவது 270 கலோரி. அதை இரண்டரை லிட்டராக்கினால் ஆளுக்கு 100 கலோரி மிச்சம். மாதத் தொடக்கத்திலேயே இரண்டரை லிட்டரை அளந்து தனியாக எடுத்து வையுங்கள். தாளிக்கும்போது கரண்டியை எண்ணிக்கொண்டிருந்தால் இரண்டாம் வாரமே மறந்துபோகும். மதியச் சாதத்தில் 150 கிராம் குறைத்தால் இன்னொரு 195 கலோரி. அந்த இடத்தை வெறுமையாக விடாமல் காய், கீரை, கொஞ்சம் பருப்பு வையுங்கள், இல்லையென்றால் நான்கு மணிக்கு முறுக்கு டப்பாவைத் தேடுவீர்கள். மூன்று காபிக்கும் சர்க்கரையை இரண்டு ஸ்பூனிலிருந்து ஒன்றாக்கினால் 60. மொத்தம் 350 கலோரி. பருப்பு கூடுவதற்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும் காகிதக் கணக்கில் மாதம் ஒரு கிலோ, கஞ்சியையும் விட்டால் இன்னும் கொஞ்சம். எடை குறையக் குறைய வேகமும் குறையும். அது இயல்பு.

அப்படியானால் நடை எதற்கு? உங்களுக்கு மிகவும் பொருந்தும் பதில் சென்னையிலிருந்தே வந்தது. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை எல்லையில் இருந்தவர்களுக்கு நடையும் உணவு மாற்றமும் கற்றுக்கொடுத்தார்கள். நீரிழிவு வருவது 28 சதவீதத்துக்கு மேல் குறைந்தது, எடையோ அநேகமாக அப்படியே இருந்தது. தராசு அசையாத நாளிலும் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு நடையால் குறையக்கூடும். ஆகவே வாரம் ஒருமுறை காலையில் எடையோடு இடுப்பையும் அளங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில், டேப் சதையை இறுக்காமல் இருக்க வேண்டும். நம் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது.

நடையின் முழு மதிப்பு தெரிவது எடை குறைந்த பிறகுதான். இளைத்த உடம்பு முன்பைவிடக் குறைவாகச் செலவழிக்கும், பசியோ கூடும். பலருக்கும் போன எடை திரும்புவது அப்போதுதான். அதைத் தடுக்க வாரம் 200 முதல் 300 நிமிட உடற்பயிற்சி வேண்டும். நீங்கள் ஏற்கெனவே 270 நிமிடம் நடக்கிறீர்கள். இதோடு வாரத்தில் இரண்டு நாள் தசைக்கான பயிற்சி சேருங்கள்: நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது பத்து முறை, இரண்டையும் மூன்று சுற்று. சாப்பாட்டை மட்டும் குறைத்து இளைத்தால் கொழுப்போடு தசையும் போய்விடும், அதைத் தடுக்கத்தான் இது. இதற்கு ஜிம் தேவையில்லை.

உங்கள் கணவர் விஷயம் மட்டும் வேறு. மாத்திரைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் நடையால் சர்க்கரை ஆபத்தாக இறங்குவது அரிது. கிளிமெபிரைட், கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவற்றில் ஒன்று தனியாகவோ மெட்ஃபார்மினோடு சேர்ந்தோ இருந்தால், அல்லது இன்சுலின் போட்டால், சாதத்தைக் குறைத்துவிட்டு நடப்பது வம்பு, சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். கூட்டு மாத்திரையின் பெயரை மட்டும் பார்த்தால் தெரியாது, அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும். கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, தாங்க முடியாத பசி வந்தால் உடனே உட்காரச் சொல்லி மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து அளந்து, 70-க்குக் கீழே இருந்தால் மறுபடி கொடுங்கள். பலர் இந்தப் பயத்தில் தினமும் பிஸ்கட் தின்றுவிட்டு நடக்கிறார்கள். மாத்திரை சர்க்கரையை இறக்க, பிஸ்கட் ஏற்ற, எடை ஏறிக்கொண்டே போகிறது. சாப்பாட்டை மாற்றுவதற்கு முன்பே, ஒரு வாரம் நடைக்கு முன்னும் பின்னும் அளந்த எண்களை எழுதி டாக்டரிடம் கொடுத்து, "அளவைக் குறைக்கலாமா?" என்று கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். டாக்டர் எழுந்திருக்கச் சொன்னாலும், பதில் வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்.