தினம் 800 ரூபாய் என்பது எந்தக் கணக்கில்?

"அக்கா, திருவண்ணாமலையிலிருந்து பெங்களூருவுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. பத்து நாள் வீட்டுக் கணக்கெடுப்புக்கு ஆள் எடுக்கிறார்கள். தினம் 800 ரூபாய், பயணப்படி 150, பயிற்சி 3 நாள் என்கிறார்கள். சேரலாமா? விடுதி எந்தப் பக்கம் பார்ப்பது?"

விடுதியைப் பயிற்சிக்கு வரும் பெண்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சம்பளத்தைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த 800 ரூபாய் களத்தில் நின்ற நாளுக்கா, முடித்த படிவங்களுக்கா என்று முதலில் கேளுங்கள். நாளுக்கு 5 படிவம் என்று இலக்கு வைத்திருந்தால், உண்மையில் ஒரு படிவத்துக்கு 160 ரூபாய்தான் பேசியிருக்கிறார்கள். பூட்டிய வீட்டுக்கு வேறு வேறு நேரத்தில் மூன்று முறையாவது போகச் சொல்வார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளியே வாசலில் நிறுத்திவிடுவார். நாளுக்கு 4 முடித்தால் பத்து நாளில் 40. மேற்பார்வையாளர் சில வீடுகளுக்குத் திரும்பப் போய் விடைகளைச் சரிபார்த்து 3 படிவங்களைத் தள்ளிவிட்டால், கையில் வருவது 8,000 அல்ல, 5,920. என் முதல் வேலையில் இப்படித்தான் பணம் சுருங்கியது. ஆளெடுத்த முகவர் இலக்கைப் பயிற்சியின் கடைசி நாளில்தான் வாய் திறந்து சொன்னார்.

பயிற்சிக்கு முழுச் சம்பளமா, பாதியா, வெறும் சாப்பாடும் பயணப்படியுமா என்பதையும் கேளுங்கள். தேவைக்கு மேல் சிலரைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து, கடைசியில் மாதிரி நேர்காணல் வைத்துக் கழிப்பது வழக்கம். கழிக்கப்பட்டவர்களுக்கு அந்த மூன்று நாளுக்கு என்ன தருவார்கள் என்பது முன்பே தெரிய வேண்டும். எந்த விடைக்குப் பின் எந்தக் கேள்விக்குத் தாவ வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் சொல்லப்படுவதால், ஒரு நாள் தவறினாலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

பயணப்படியில் இன்னொரு தந்திரம் உண்டு. "பெண்களுக்குப் பேருந்து இலவசம்தானே" என்று 150 ரூபாயைக் குறைக்கப் பார்ப்பார்கள். 2023 ஜூனில் தொடங்கிய சக்தி திட்டம் கர்நாடக முகவரி உள்ள பெண்களுக்கு மட்டுமே. உங்கள் ஆதாரில் திருவண்ணாமலை முகவரி இருக்கும்வரை நீங்கள் சீட்டு வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதை முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

அல்சூரில் இருபது ஆண்டாக இருந்தும் கன்னடம் பேசாததைப் பெருமையாகச் சொல்லும் நம்மவர்கள், இந்த வேலைக்குத் தமிழே போதும் என்பார்கள். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் அது ஓரளவு செல்லும். ஆனால் வீடுகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது நிறுவனம், நீங்கள் அல்ல. ராஜாஜிநகர் வாசலில் "நமஸ்காரா, ஹத்து நிமிஷ மாத்தாடபஹுதா?" என்று, பத்து நிமிடம் பேசலாமா எனக் கன்னடத்திலேயே கேட்கப் பழகிய பிறகுதான் எனக்குக் கதவுகள் திறந்தன, பிற்பாடு தமிழ் தெரியாத குழுக்களையும் நானே நடத்தினேன்.

விடைகளைப் பதியத் தரும் டேப்லெட்டுக்கென்று முன்பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். மற்றபடி இலக்கு, பயிற்சிப் பணம், பயணப்படி, பணம் தரும் தேதி இவ்வளவையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பச் சொல்லிவிட்டுச் சேருங்கள். தேதியை மட்டும் "தரவு சரிபார்த்த பிறகு" என்று எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தச் சரிபார்ப்பு இரண்டு மாதமும் இழுக்கும்.