போப் பிரான்சிஸின் வெள்ளை ஜாக்கெட் படம்: எங்கே பார்த்தால் தெரியும்?

"போப் வெள்ளைப் பஃபர் ஜாக்கெட்டில் நிற்கும் படம் நிஜம் மாதிரியே இருக்கிறதே, போலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

2023 மார்ச்சில் பரவிய அந்தப் படம், எழுத்தில் கேட்டதைப் படமாக்கித் தரும் மிட்ஜர்னி என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் உருவானது. முகத்தை விட்டுவிடுங்கள், அது நன்றாகத்தான் வந்திருக்கும். ஒரு பொருள் இன்னொன்றைத் தொடும் இடங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். மார்பில் தொங்கும் சிலுவைக்கு ஒரு பக்கம்தான் சங்கிலி இருக்கிறது, மறுபக்கம் காணவில்லை. கையில் இருக்கும் கோப்பையை விரல்கள் சரியாகப் பற்றவில்லை. மூக்குக்கண்ணாடியின் விளிம்பு அதன் நிழலோடு கரைந்துவிடுகிறது. சங்கிலி கழுத்தைச் சுற்றி வந்தாக வேண்டும் என்பது மென்பொருளுக்குத் தெரியாது. பார்த்துப் பழகிய படங்களின் சாயலில் புள்ளிகளை நிரப்புகிறது, அவ்வளவுதான்.

ஆனால் புதிய மென்பொருள்கள் விரல்களையும் சங்கிலியையும் சரியாகவே வரைந்துவிடுகின்றன. பிழை கண்ணில் படவில்லை என்பதால் படம் உண்மையாகிவிடாது. அப்போது கூகுள் லென்ஸில் படத்தைப் போட்டு, முதலில் எங்கே வந்தது என்று தேடுங்கள். போப் அப்படி வெளியே வந்திருந்தால் செய்தி நிறுவனங்களின் கேமராக்கள் பல கோணங்களில் எடுத்திருக்கும். எங்கு தேடினாலும் அதே ஒரு கோணம்தான், எடுத்தவர் பெயரும் இல்லை என்றால், என்னைப் பொறுத்தவரை உருகிய விரலைவிட அதுதான் வலுவான அடையாளம்.