கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒரு முகம்: ரீடச் கேள்வி-பதில்

ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்கள் முடிந்த கையோடு ஒரே மாதிரிக் கேள்விகள் வரிசைகட்டி வந்துவிடுகின்றன. மழை, கார் ஜன்னல், உள்ளே மணப்பெண். பார்க்க அழகான காட்சிதான், கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால்தான் தலைவலி. இந்த முறை வந்தவற்றில் ஐந்தை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மணப்பெண் காருக்குள் இருக்க, நான் வெளியே நின்று எடுத்த படம். முழுக்கப் பால் ஊற்றினாற்போல் வெளுப்பு, கன்னத்தின் மேல் யாரோ கைவைத்த கறை, அங்கங்கே மழைத்துளிகள். துளிகளையெல்லாம் பொறுமையாக அழித்துவிட்டுக் கடைசியில் Dehaze போட்டேன். அழித்த இடமெல்லாம் தேமல் மாதிரி திரும்பி வந்துவிட்டது. என்ன தப்பு?

வரிசைதான் தப்பு. வெளுத்த படத்தில் எல்லா நிறங்களும் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடக்கும். பக்கத்து இடத்திலிருந்து கொஞ்சம் நிறம் மாறி க்ளோன் செய்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பிறகு கான்ட்ராஸ்டை இழுத்தவுடன் அந்தச் சின்ன வித்தியாசமும் சேர்ந்து இழுபடுகிறது. அதுதான் உங்கள் தேமல். வெளுப்பை முதலில் எடுங்கள், அப்புறம் கைக்கறை, கடைசியில் துளி.

வெளுப்பு என்பது படத்தின் மேல் வந்து உட்கார்ந்த கூடுதல் வெளிச்சம். கண்ணாடியில் பட்ட வானம், முகத்தின் வெளிச்சத்தோடு கூட்டலாகச் சேர்ந்திருக்கிறது. கூட்டியதைக் கழித்தால் போதும், அடியில் விவரம் அப்படியே இருக்கிறது. எவ்வளவு கழிப்பது என்பதைப் படமே சொல்லும். போட்டோஷாப்பில் ஐட்ராப்பரை `5 by 5 Average` என்று வைத்துக்கொண்டு, படத்தில் கட்டாயம் கறுப்பாக இருக்கவேண்டிய ஓர் இடத்தை Info பேனலில் பாருங்கள். மணப்பெண் என்றால் காதுக்குப் பின்னால் கூந்தலின் நிழல்.

நீங்கள் அனுப்பிய படத்தில் அங்கே சிவப்பு 48, பச்சை 56, நீலம் 63 என்று இருக்கிறது. கூந்தல் நிழல் சுமார் 15-இல் இருக்கவேண்டும். நீலம் மட்டும் இவ்வளவு ஏறியிருப்பதற்குக் காரணம் மழை வானத்தின் பிரதிபலிப்பு. ஒரு Levels லேயர் போட்டு, ஒவ்வொரு சேனலாகத் திறந்து, இடதுகோடி முக்கோணத்தைச் சிவப்பில் 35, பச்சையில் 43, நீலத்தில் 50 வரை நகர்த்தினேன். மூன்றும் 15, 16 என்று வந்து நின்றன. வெளுப்போடு நீலச் சாயமும் போய்விட்டது, பட்டுப்புடவையின் அரக்கு நிறம் திரும்பி வந்தது. முகம் கொஞ்சம் இருண்டது, அதற்கு RGB சேனலில் நடு முக்கோணத்தை 1.15-க்குக் கொண்டுபோனால் சரியாகிவிடும்.

வலதுகோடியைத் தொடாதீர்கள். தொட்டால் மல்லிகைச் சரம் இதழ் தெரியாத வெள்ளைத் திட்டாகிவிடும். Dehaze கெட்டது என்று சொல்லவரவில்லை. ஆனால் மூன்று சேனலையும் தனித்தனியாக உங்கள் கையில் கொடுக்காது. அதிகம் ஏற்றினால் தோல் செம்பு நிறமாகும், துளிகளைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழும். பெரும்பாலும் ஜன்னலின் மேல் பாதியில் வானம் அதிகமாகத் தெரியும், கீழே குறைவு. அப்படியிருந்தால் அதே Levels லேயரின் மாஸ்க்கில் மேலிருந்து கீழாக ஒரு கிரேடியன்ட் இழுத்துவிடுங்கள்.

கேள்வி: கைரேகைக் கறை கன்னத்தின் மேலேயே விழுந்திருக்கிறது. ஹீலிங் பிரஷ் போட்டால் கறை போகிறது, ஆனால் தோல் பொம்மைக் கன்னம் மாதிரி ஆகிவிடுகிறது. என்னிடம் கிம்ப்தான் இருக்கிறது.

கிம்ப் இருந்தால் போதும். கண்ணாடியில் விரல் விட்டுப்போன எண்ணெய்ப் பிசுக்கு ஒளியைச் சிதறடிக்கிறது. அது ஃபோகஸில் இல்லாததால் படத்தில் ரேகைக் கோடுகள் விழுவதில்லை. மங்கலான ஒரு திட்டு மட்டும்தான். அந்தத் திட்டுக்கு அடியில் மயிர்க்கால், மச்சம், மஞ்சள் பூசிய தடம் எல்லாம் கொஞ்சம் மங்கியபடி உயிரோடுதான் இருக்கின்றன. ஹீலிங் பிரஷ் அவற்றையும் சேர்த்து வழித்துப்போட்டு, வேறு இடத்துத் தோலை ஒட்டவைக்கிறது. திட்டை மட்டும் எடுத்துவிட்டுத் தோலை விட்டுவிட வேண்டும்.

வெளுப்பு நீக்கிய படத்தை ஒரே லேயராக்கிக்கொண்டு `Filters > Enhance > Wavelet-decompose` போங்கள். இயல்பாக இருக்கும் 5 என்ற எண்ணையே விடலாம். படம் ஐந்து Scale லேயர்களாகவும் Residual என்ற ஒன்றாகவும் பிரியும். முதல் இரண்டில் மயிர்க்கால்களும் நுண்விவரங்களும் இருக்கும், Residual-இல் மங்கலான நிறமும் வெளிச்சமும் மட்டும். கறை குடியிருப்பது Residual-இல், கொஞ்சம் ஐந்தாவது Scale-இல்.

Residual லேயரைத் தேர்ந்தெடுத்து, லாசோவால் கறையைச் சுற்றித் தாராளமாக வளைத்து, ஓரத்தை 30 பிக்சல் அளவுக்கு Feather செய்து, Curves-இல் பக்கத்துக் கன்னத்தின் அளவுக்கு இறக்குங்கள். நிறமும் சற்றுச் சாம்பலாகியிருக்கும், சிவப்பை ஒரு பொட்டு ஏற்றினால் ஒன்றிவிடும். அதன்பின்னும் அந்த இடத்தில் தோல் மழமழவென்று தெரிந்தால், இரண்டாவது Scale லேயரில் அதே தேர்வுக்குள் கான்ட்ராஸ்டை லேசாகக் கூட்டுங்கள், மங்கிப்போன விவரம் மேலே வரும்.

சரியாக வந்ததா என்று பார்க்க, படத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். நூறு சதவீதத்தில் தெரியாத கறை, சுருக்கும்போது பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: ஒரு பெரிய துளி சரியாகக் கண்ணின் மேல். காப்பாற்ற முடியுமா?

துளிக்கும் மற்ற இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். துளி ஒரு குட்டி லென்ஸ். பின்னால் இருப்பதை வளைத்துத் தலைகீழாகக் காட்டும். அதனால்தான் துளியின் அடிப்பாகம் வெளுப்பாகவும் மேல்பாகம் இருட்டாகவும் இருக்கிறது: வானம் கீழே, தரை மேலே. துளி முழுதாக மறைத்த இடத்தில் கண் என்று ஒன்று பதிவாகவே இல்லை. கழிப்பதற்கும் பிரிப்பதற்கும் அங்கே எதுவும் கிடையாது. வேறு இடத்திலிருந்துதான் கொண்டுவர வேண்டும்.

முதலில் அதே காட்சியின் மற்ற ஃபிரேம்களைத் தேடுங்கள். தொடர்ச்சியாக எடுத்திருந்தால் கையோ முகமோ இரண்டு விரற்கடை அசைந்திருக்கும். துளி கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது, கண் அதற்குப் பின்னால் தள்ளியிருக்கிறது. ஆகவே அடுத்த ஃபிரேமில் துளி புருவத்துக்கோ மூக்குக்கோ நகர்ந்துபோயிருக்கும். இரண்டையும் ஒரே ஃபைலில் லேயர்களாக வைத்து `Edit > Auto-Align Layers` கொடுத்து, மாஸ்க் வழியே அந்தக் கண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இப்படிக் கிடைத்துவிட்டால் அதற்கு மேல் ஒரு ரீடச் கிடையாது.

ஒரே ஃபிரேம்தான் என்றால், மற்றக் கண்ணைப் பிரதி எடுத்து இடவலமாகப் புரட்டலாம். புரட்டும்போது கண்ணுக்குள் மின்னும் ஒளிப்புள்ளியும் புரண்டு எதிர்ப்பக்கம் போய்விடும். அதை அழித்து, மற்றக் கண்ணில் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமே வையுங்கள். பெண் நேராகப் பார்த்தால் மட்டும்தான் இந்த வித்தை. ஓரமாகப் பார்த்தால் மாறுகண் வந்துவிடும். அந்தப் படத்தைப் பேசாமல் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் துளியை அப்படியே வைத்திருங்கள். மழை பெய்தது உண்மைதானே.

கூந்தல், தோள், புடவை மேல் விழுந்த சின்னத் துளிகளுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். வெறும் லேயர் ஒன்றைத் திறந்து க்ளோன் ஸ்டாம்ப்பை `Current & Below` என்று வைத்து, துளியின் அடிப்பாகத்தில் Mode-ஐ Darken என்றும், மேல்பாகத்தில் Lighten என்றும் மாற்றிப் பூசுங்கள். வெளுத்தது மட்டும் இருளும், இருண்டது மட்டும் வெளுக்கும், சுற்றியிருக்கும் முடி அப்படியே நிற்கும். முடியில் எப்போதும் இழை ஓடும் திசையிலேயே மாதிரி எடுக்க வேண்டும். ஹீலிங் பிரஷ்ஷை முகமும் கூந்தலும் சந்திக்கும் விளிம்பில் வைத்தால், கறுப்பு தோலுக்குள் கசிந்து அழுக்குப் போலத் தெரியும்.

கேள்வி: அதே இடம், அதே மழை. கேமராவில் நண்பர் எடுத்ததில் துளிகள் கரைந்துபோயிருக்கின்றன. என் போனில் ஒவ்வொன்றும் முத்து முத்தாக நிற்கிறது. ஏன்?

லென்ஸின் வாயகலம். 85 மி.மீ. லென்ஸை f/1.8-இல் திறந்தால் ஒளி நுழையும் வாய் 47 மி.மீ. அகலம். மணப்பெண் 2 மீட்டர் தூரத்தில், கண்ணாடி அவளிடமிருந்து 40 செ.மீ. முன்னால் என்று வையுங்கள். அவள் முகத்தின் ஒரு புள்ளி, கண்ணாடியில் சுமார் 9 மி.மீ. அகல வட்டத்தின் வழியாக லென்ஸுக்கு வந்து சேர்கிறது. 4 மி.மீ. துளி அந்த வட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட மறைப்பதில்லை. மீதி வழியாக முகம் வந்துவிடுகிறது. அதே லென்ஸை f/8-க்கு மூடினால் வட்டம் 2 மி.மீ. ஆகிவிடும், துளி அதை முழுதாக விழுங்கிவிடும். போன் லென்ஸின் வாய், f/8-க்கு மூடிய அந்த லென்ஸின் வாயைவிடவும் சின்னது.

அதனால் அடுத்த முறை நண்பரின் கேமராவைக் கேட்டு வாங்கி, லென்ஸை அகலத் திறந்து எடுங்கள். போன்தான் என்றால் கண்ணாடியைத் துணியால் ஒரு தடவை துடையுங்கள். ரீடச்சில் போகும் ஒரு மணி நேரம் மிச்சம். போனின் போர்ட்ரெய்ட் மோடை நம்ப வேண்டாம், அது மென்பொருள் போடும் மங்கல், துளி மறைத்ததைத் திருப்பித் தராது.

கேள்வி: பிரதிபலிப்பைக் குறைக்கப் போலரைசர் வாங்கினேன். கார் கண்ணாடியில் போட்டால் முகத்தின் மேல் புள்ளி புள்ளியாக வானவில் திட்டுகள்! ஃபில்டர் போலியா?

ஃபில்டரைக் குறைசொல்லாதீர்கள். காரின் பக்கவாட்டு, பின்பக்கக் கண்ணாடிகள் சூடாக்கிக் குளிர்காற்றால் சட்டென்று குளிரவைத்து உறுதியேற்றியவை. அந்தக் குளிர்காற்று பட்ட இடங்களில் கண்ணாடிக்குள் அழுத்தம் தங்கிவிடுகிறது. வெறும் கண்ணுக்கு அது தெரியாது, போலரைசர் வெளியே காட்டிவிடுகிறது. நிறம் கலந்த அந்தத் திட்டுகளை முகத்திலிருந்து எடுப்பது வெளுப்பை எடுப்பதைவிடப் பத்து மடங்கு வேலை.

ஃபில்டரை மெதுவாகச் சுற்றி, திட்டு தெரியாத நிலை கிடைக்கிறதா பாருங்கள். கிடைக்காவிட்டால் கழற்றிவிடுங்கள். கண்ணாடிக்கு நேர் எதிரே நின்றால் போலரைசரால் எப்படியும் பயனில்லை. கண்ணாடிப் பரப்புக்குச் சுமார் 35 டிகிரி சாய்வாகப் பார்க்கும்போதுதான் அது பிரதிபலிப்பை நன்றாக வெட்டும். அந்தக் கோணத்தில் மணப்பெண்ணின் முகம் தெரியாது, காதுதான் தெரியும். கறுப்புக் குடை ஒன்றை உங்கள் தலைக்குமேல் பிடிக்க ஒரு பையனைக் கூப்பிடுங்கள். கண்ணாடியில் வானம் இருந்த இடத்தில் குடையின் கறுப்பு வந்து உட்காரும்.